பில்லில் முன்னறிவிப்பின்றி ஏறிய எரிபொருள் கூடுதல் கட்டணம்: வாங்குபவர் ஆட்சேபிக்கும் முறை

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். பம்பின் உடற்பகுதிக்கான வார்ப்பிரும்பு காஸ்டிங்குகளை 34 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு பவுண்டரியிலிருந்து வாங்குகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை பி.ஓ. எனப்படும் கொள்முதல் ஆணை போடுவது வழக்கம். கிலோ 100 ரூபாய், எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒப்படைப்பு, 45 நாள் கடன் என்பவை அதிலுள்ள நிபந்தனைகள். கடந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி வந்த பில்லில் சரக்கு மதிப்புக்குக் கீழே "பியூவல் சர்சார்ஜ் 3%" என்று ஒரு புதிய கட்டணம் இருந்தது. முன்கூட்டிக் கடிதமோ தொலைபேசி அழைப்போ வரவில்லை. பழைய பில்களை எடுத்துப் பார்த்தபோது, மே மாதத்திலேயே இரண்டு பில்களில் அதே கட்டணம் இருந்ததும், கணக்குப் பிரிவு அதைக் கவனிக்காமல் இரண்டுக்கும் முழுத் தொகையைக் கொடுத்துவிட்டதும் தெரிந்தன. அந்த விவகாரத்தை எப்படிக் கையாண்டோம் என்பதையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன். சரக்கு வாங்கும் யாருக்கும் இதே நிலை வரலாம்.

முதல் படி: தொகையைப் பிரித்துப் பார்ப்பது

ஆட்சேபம் எத்தனை ரூபாய்க்கு என்பது பைசா சுத்தமாகத் தெரியாமல் யாரிடமும் பேசக்கூடாது. ஜூன் பில்லில் சரக்கு 1,500 கிலோ, மதிப்பு 1,50,000 ரூபாய். கூடுதல் கட்டணம் 4,500 ரூபாய். இரண்டின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு, மொத்தம் 1,82,310 ரூபாய் என்று பில் வந்தது. அந்தக் கூடுதல் கட்டணம் இல்லாமல் இருந்திருந்தால் 1,77,000 ரூபாய்தான் வந்திருக்கும். ஆகவே தகராறு 4,500 ரூபாய்க்கு என்று நினைத்துவிடக்கூடாது, வரி 810 ரூபாயையும் சேர்த்து 5,310 ரூபாய்க்கு. விற்பவர் தம் சரக்கோடு சேர்த்து வசூலிக்கும் போக்குவரத்து, பேக்கிங் செலவு போன்றவையும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி சரக்கின் மதிப்பிலேயே சேர்வதால், கூடுதல் கட்டணத்துக்கும் சரக்குக்குரிய வரி விகிதமே விழுகிறது. மே மாத பில்கள் இரண்டிலும் இதே வகையில் கணக்கிட்டதில் 3,600, 4,200 ஆகிய கட்டணங்களும் அவற்றின் வரி 1,404 ரூபாயும் சேர்ந்து 9,204 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இதைச் செய்யும்போது பி.ஓ., சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பல நிறுவனங்களில் எண்ணிக்கையையும் விலையையும் மட்டுமே ஒப்பிட்டுவிட்டு, பில்லின் அடியில் வரும் "இதர கட்டணங்கள்" வரியை யாரும் பார்ப்பதில்லை. எங்களிடம் நடந்ததும் அதுதான்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பது

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 62ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டு மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் மட்டும் பில்லில் ஒரு கட்டணத்தைச் சேர்ப்பதால் நிர்ணயித்த விலை மாறிவிடாது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930இல் 64ஏ என்ற பிரிவு ஒன்று உண்டு. ஒப்பந்தம் ஆனபிறகு சரக்கின் மீதான வரி ஏறினாலோ இறங்கினாலோ, வேறு ஏற்பாடு இல்லாத நிலையில் அந்த மாற்றத்தை விலையில் சேர்க்கவோ கழிக்கவோ அது இடம் தருகிறது. டீசல் விலை அந்தப் பிரிவில் வராது. "அரசாங்கம் ஏற்றினால் நாங்களும் ஏற்றலாம்" என்று விற்பவர் சொன்னால், அந்த உரிமை சரக்கின் மீதான வரிக்கு மட்டுமே என்று பதில் சொல்லலாம்.

சட்டத்தைவிட அதிகம் உதவுவது பி.ஓ.வின் வாசகம். எங்கள் பி.ஓ.வில் பழைய இரும்பு விலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் காஸ்டிங் விலையைத் திருத்தலாம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. டீசலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதன் விலை மாறினால் எங்கள் விலை மாறும் என்பதை இரு தரப்பும் முன்பே உட்கார்ந்து பேசி, ஒன்றை எழுதி மற்றதை எழுதாமல் விட்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. "வாசலில் ஒப்படைப்பு" என்ற சொல்லும் முக்கியம். கொண்டுவந்து சேர்க்கும் செலவு விலைக்குள் அடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஆட்சேபம் நிற்காத இடங்களும் உண்டு. விற்பவரின் கொட்டேஷனில் "டீசல் விலைக்கேற்பக் கட்டணம் மாறும்" என்று எழுதியிருந்து, அந்தக் கொட்டேஷனைக் குறிப்பிட்டே நீங்கள் பி.ஓ. போட்டிருந்தால், வாதிடுவதற்கு அதிகம் இல்லை. அந்தக் கணக்குச் சரியா என்று மட்டுமே கேட்கலாம். லாரி சர்வீஸ், கூரியர் நிறுவனங்கள் பலவற்றின் கட்டண ஒப்பந்தங்களில் எரிபொருள் கட்டணம் தொடக்கத்திலேயே இருக்கும் என்பதால், அங்கே முதலில் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படித்துவிடுவது நல்லது. விலை நிர்ணயிக்காமல் அவ்வப்போது தொலைபேசியில் சொல்லி வாங்குபவர்களுக்கு நிலைமை இன்னும் பலவீனம். இனிப் போடப்போகும் ஆர்டர்களுக்கு விற்பவர் என்ன விலை கேட்பது என்பதும் அவருடைய உரிமை. அதற்கு ஆட்சேபம் செய்ய முடியாது, பேரம்தான் பேச முடியும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டரில் செய்த மாற்றத்துக்கே இந்த ஆட்சேபம் முழு வலுவுடன் பொருந்தும்.

மூன்றாம் படி: பதினைந்து நாளுக்குள் எழுதுவது

தொலைபேசியில் கேட்டபோது பவுண்டரி உரிமையாளர், "டீசல் ஏறிப்போச்சுங்க சார், எல்லாக் கம்பெனியும் குடுத்துட்டுத்தான் இருக்காங்க" என்றார். பேச்சில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குக் காகிதத்தில் தடம் எதுவும் இருக்காது. நான்கு மாதம் கழித்து, "அன்றைக்கே சொன்னேன், நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று அது மாறிவிடும். ஆகவே அன்றே எழுதினோம்.

அவசரத்துக்குக் காரணங்கள் இரண்டு. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, விலை ஒப்பந்தத்தில் நிர்ணயிக்கப்படலாம் என்பதோடு, இரு தரப்பின் நடைமுறையிலிருந்தும் தீர்மானிக்கப்படலாம் என்கிறது. ஒரு கட்டணத்தைப் பார்த்தும் பார்க்காமலும் மாதக்கணக்கில் பணம் கொடுத்துக்கொண்டே போனால், அதுவே நடைமுறை என்று விற்பவர் காட்டுவதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம். மே மாதத்து இரண்டு பில்களைப் பற்றி எனக்கு இருந்த கவலை அதுதான்.

இரண்டாவது காரணம் சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். விற்பவர் அதில் பதிவு செய்த குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்துமூலம் ஆட்சேபிக்காவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே அச்சட்டம் கருதும். அந்த விதி சரக்கை ஏற்பது பற்றியது, விலையைப் பற்றியது அன்று. ஆனாலும் பிற்பாடு தகராறு பெரிதானால் முதலில் எழும் கேள்வி, "அந்தப் பதினைந்து நாளில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். ஜூன் 6இல் வந்த சரக்குக்கு ஜூன் 21 என்று குறித்துக்கொண்டு, 9ஆம் தேதியே அனுப்பினோம். சிறு, குறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவில் விற்பவரின் எண்ணைப் பில்லிலோ கோப்பிலோ பார்த்துக்கொள்வதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

கடிதம் சுருக்கமாக, குற்றச்சாட்டு இல்லாமல், எண்களோடு இருக்க வேண்டும். நாங்கள் அனுப்பியது ஏறத்தாழ இப்படி:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்களின் 06.06 தேதியிட்ட பில்லில் 3 சதவீத எரிபொருள் கூடுதல் கட்டணமாக 4,500 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி. 810 ரூபாயும் சேர்க்கப்பட்டுள்ளன. எங்கள் ஆண்டு பி.ஓ.வில் விலை கிலோவுக்கு 100 ரூபாய் என்றும், எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒப்படைப்பு என்றும் உள்ளது. எரிபொருள் கட்டணத்துக்கு அதில் இடமில்லை. இம்மாற்றத்தை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.
>
> சரக்கைப் பெற்றுக்கொண்டோம், அதன் தரத்திலும் எடையிலும் குறை எதுவும் இல்லை. தகராறில்லாத 1,77,000 ரூபாயை உரிய தேதியில் செலுத்துவோம். மீதி 5,310 ரூபாயைப் பில்லிலிருந்து குறைத்து ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> மே மாத பில்கள் இரண்டில் இதே கட்டணம் கவனக்குறைவால் செலுத்தப்பட்டது. அதை ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம். அந்த 9,204 ரூபாய்க்கும் கிரெடிட் நோட் தேவை.
>
> இனி வரும் பில்களில் இக்கட்டணத்தைச் சேர்க்க வேண்டாம். செலவு உயர்ந்திருந்தால் விவரத்துடன் எழுதுங்கள், பேசலாம்.

"சரக்கில் குறை எதுவும் இல்லை" என்ற வாக்கியத்தை வேண்டுமென்றே எழுதினேன். சண்டை எதைப் பற்றியது என்பது அதனால் சுருங்கிவிடுகிறது, சாக்குச் சொல்லிப் பணத்தை இழுக்கிறார்கள் என்ற பேச்சும் எழாது. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே நாளில் பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினோம். வாட்சாப்பில் படம் எடுத்து அனுப்புவது ஒரு கூடுதல் வசதி என்ற அளவில் சரி, அதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது.

நான்காம் படி: மீதிப் பணத்தை நிறுத்தாமல் கொடுப்பது

ஆட்சேபம் என்றவுடன் பில் முழுவதையும் நிறுத்திவைப்பது வழக்கமான தவறு. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்துமூலம் தேதி பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. பேசாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாதபடி, 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதியைச் சேர்த்தது. 5,310 ரூபாய்க்காக 1,77,000 ரூபாயை இந்த வலையில் மாட்டிவைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. எங்களுக்குக் கெடு ஜூலை 21, பணம் 18ஆம் தேதி போனது. வங்கிப் பரிமாற்ற எண்ணோடு அனுப்பிய தகவலில், "தகராறில்லாத தொகை, பில்லின் மீதி 5,310 ரூபாய் ஆட்சேபத்தில் உள்ளது" என்று எழுதினோம்.

ஜி.எஸ்.டி. பக்கத்திலும் இதே எண்ணத்தோடு நடக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. தளத்தில் விற்பவரின் பில்களை ஏற்கவும், மறுக்கவும், நிலுவையில் வைக்கவும் வசதி வந்துவிட்டது. கோபத்தில் பில்லை "மறுப்பு" என்று அழுத்திவிட்டால், 810 ரூபாய் மட்டுமல்லாமல் சரக்குக்குரிய 27,000 ரூபாயை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையும் சேர்ந்தே நின்றுபோகும். பில்லின் ஒரு பகுதியை மட்டும் மறுக்க அங்கே வழியில்லை. ஆகவே பில்லை ஏற்றுக்கொண்டு, கிரெடிட் நோட் வரும்போது அதையும் ஏற்று, அதற்குரிய சலுகையைத் திருப்பிவிடுவதே நேரான பாதை.

நாம் நம் புத்தகத்தில் போடும் டெபிட் நோட் நம் கணக்குக்கு மட்டுமே பயன்படும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட்டை விற்பவர்தான் கொடுக்க வேண்டும். அதற்கும் கெடு உண்டு: நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அது. இன்னொரு தேதியையும் குறித்துவைத்தோம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்கப்படாத தொகைக்குரிய வரிச் சலுகையை வட்டியுடன் திருப்ப வேண்டும். ஜூன் 6 பில்லுக்கு அது டிசம்பர் 3. கொடுக்காமல் இருப்பது ஒரு பகுதிதான் என்பதால் ஆபத்தில் இருப்பதும் அந்த 810 ரூபாய் மட்டுமே.

ஐந்தாம் படி: டீசல் கணக்கை மேசைமேல் வைப்பது

உண்மையில் விவகாரத்தை முடித்தது சட்டப் பிரிவு எதுவும் இல்லை, ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட பெருக்கல் கணக்குதான். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வருவதானால் இ-வே பில் என்ற மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும், அதில் வண்டி எண்ணும் தூரமும் அச்சாகியிருக்கும். எங்களுக்கு வந்ததில் 34 கிலோமீட்டர் என்று இருந்தது. போக வர 68. சரக்கோடு வரும் சிறிய டெம்போ லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் என்று டிரைவரே சொன்னார். அப்படியானால் ஒரு நடைக்கு எட்டரை லிட்டர் டீசல்.

டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நடைக்குக் கூடும் செலவு 42 ரூபாய் 50 பைசா. 1,500 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 3 பைசாவைத் தொடவில்லை. பில்லில் போட்டதோ கிலோவுக்கு 3 ரூபாய், அதாவது நூறு மடங்குக்கு மேல். லிட்டர் 95 ரூபாய் என்று கொண்டால் அந்த நடைக்கான மொத்த டீசலே 808 ரூபாய்க்குள் அடங்கிவிடும். வசூலித்தது 4,500 ரூபாய்.

சரக்கு மதிப்பில் சதவீதமாகப் போடும் எரிபொருள் கட்டணம் எதுவும் இப்படித்தான் உடையும். டீசல் எரிவது தூரத்துக்கும் எடைக்கும் ஏற்ப. ஆனால் சதவீதமோ சரக்கின் விலையோடு சேர்ந்து ஏறுகிறது. பழைய இரும்பு விலை உயர்ந்து காஸ்டிங் விலை கூடினால், டீசல் ஒரு பைசாவும் ஏறாமலேயே "எரிபொருள் கட்டணம்" ஏறிவிடும். 2024 மார்ச்சில் டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தபோது எந்த பில்லிலாவது ஒரு கழிவு வந்ததா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்தபிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. மின்தடை நேரங்களில் ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள், மணல் கலக்கும் பிரிவில் கூலி கூடியிருக்கிறது. இவை நியாயமான செலவுகளாக இருக்கலாம், ஆனால் அவற்றின் பெயர் உற்பத்திச் செலவு. அதை விலைத் திருத்தமாகக் கேட்டால் வேறு பவுண்டரிகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ செய்யலாம். எரிபொருள் என்று பெயர் போட்டுவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் போகிறது. விற்பவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. வேறு யாரோ போடுவதைப் பார்த்து, கணக்கர் மென்பொருளில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆறாம் படி: தீர்வை எழுத்தில் முடிப்பது

மூன்று பில்களுக்கும் சேர்த்து 14,514 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தருவதாக ஒப்புக்கொண்டார். ஜூன் பில்லின் 5,310 ரூபாய் நாங்கள் கொடுக்காமல் வைத்திருந்ததோடு நேராகிவிட்டது. மே மாதத்து 9,204 ரூபாயை அடுத்த பில்லில் கழித்துக்கொண்டோம். பதிலுக்கு அடுத்த பி.ஓ.வில் டீசலுக்கு ஒரு நிபந்தனை சேர்த்தோம். பி.ஓ. தேதியன்று கோவையில் உள்ள டீசல் விலை அடிப்படையாக இருக்கும். அதிலிருந்து 5 ரூபாய்க்கு மேல் மாறினால் மட்டுமே, மாறிய ரூபாயை ஒரு நடைக்கு எட்டரை லிட்டர் என்று பெருக்கி, நடைக்கு ஒரு தொகையாகச் சேர்க்க வேண்டும். விலை இறங்கினால் அதே கணக்கில் கழிக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் வர வேண்டும், அதற்கு முன் அனுப்பிய சரக்குக்கு அது பொருந்தாது. கிலோ கணக்கில் வைக்காமல் நடைக் கணக்கில் வைத்ததற்குக் காரணம், அரை வண்டி சரக்கு வந்தாலும் டெம்போ அதே தூரம்தான் ஓடுகிறது என்று அவர் சொன்னதில் இருந்த நியாயம்.

விற்பவர் இறங்கி வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முன்பே எண்ணிவைக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்கு வாங்குபவர் நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது. ஆனால் பதிவு பெற்ற சிறு நிறுவனம் நிலுவை என்று சொல்லி மாநில அரசின் தீர்வு மன்றத்தில் மனு செய்யலாம். அங்கே தீர்ப்பு எதிராக வந்து, அதை ரத்து செய்யக் கேட்டு வாங்குபவர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். பி.ஓ., 9ஆம் தேதிக் கடிதம், 18ஆம் தேதிப் பணப் பரிமாற்றம் மூன்றும் கோப்பில் இருந்தால் அந்த மனு 5,310 ரூபாயைத் தாண்டி வளர இடமிருக்காது. விற்பவர் சரக்கை நிறுத்துவாரோ என்பது இதைவிட நிஜமான பயம். எங்களுக்கு அப்போது மூன்று வாரச் சரக்கு கையிருப்பில் இருந்தது, இன்னொரு பவுண்டரியில் மாதிரிக் காஸ்டிங்கும் தேறியிருந்தது. அவை இல்லாமல் இருந்திருந்தால், அதே கடிதத்தை எழுதியிருப்பேன், ஆனால் அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு எழுதியிருப்பேன்.

ஆகஸ்டு 4ஆம் தேதி கிரெடிட் நோட் வந்தது. ஒவ்வொரு பில்லின் எண்ணும் தேதியும் அதில் சரியாக இருக்கின்றனவா, வரி 2,214 ரூபாய் தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தளத்தில் ஏற்றுக்கொண்டோம். சரக்கு வரவுப் பிரிவின் சரிபார்ப்புத் தாளில், விலைக்கும் எடைக்கும் கீழே "பி.ஓ.வில் இல்லாத கட்டணம் உண்டா?" என்று ஒரு கட்டமும் சேர்ந்தது.